தொட்ட இடத்தில் பிறக்கும் வட்டம்: ஒரு பட்டனின் வரலாறு

இன்னைக்கு நாம பேசப்போற விஷயத்தோட ஆயுள் ஒரு வினாடிக்கும் குறைவு. ஆண்ட்ராய்டு போனில் ஒரு பட்டனைத் தொடுகிறீர்கள். விரல் பட்ட அதே புள்ளியிலிருந்து ஒரு வெளிறிய வட்டம் கிளம்பி, விரிந்து, பட்டனின் ஓரம் வரைக்கும் போய், மங்கி மறைகிறது. இதைத்தான் ரிப்பிள் என்கிறோம். தமிழில் சிற்றலை.

இந்த வட்டத்துக்கு இரண்டே இரண்டு விதிகள். ஒன்று, பட்டனின் நடுவிலிருந்து இல்லை, நீங்க தொட்ட இடத்திலிருந்துதான் அது கிளம்ப வேண்டும். இரண்டு, பட்டனின் வடிவத்துக்கு வெளியே அது ஒரு பிக்சல்கூடத் தாண்டக் கூடாது. பட்டனின் மூலை வளைந்திருந்தால் அலையும் அந்த வளைவிலேயே வெட்டுப்பட வேண்டும்.

கேட்க எளிமையாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இந்த இரண்டு விதிகளையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற ஆண்ட்ராய்டின் உள்கட்டமைப்பிலேயே கை வைக்க வேண்டியிருந்தது. அந்தக் கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப்போகிறேன்.

கண்ணாடிக்கு 'டக்' சத்தம் கிடையாது

பழைய நோக்கியா போன் பட்டனை அழுத்தினால் அது உள்ளே போகும், ஒரு 'டக்' கேட்கும். அழுத்தியது அழுத்தியதுதான் என்று விரலுக்கே தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் மவுஸிலும் அதே கதை. அதோடு மவுஸில் இன்னொரு வசதியும் உண்டு. அம்புக்குறியைப் பட்டன் மேல் கொண்டுபோனதுமே பட்டன் நிறம் மாறும். கிளிக் செய்வதற்கு முன்பே 'ஆமா, நீ சரியான இடத்தில்தான் இருக்கே' என்று சொல்லிவிடும்.

தொடுதிரையில் இது எதுவும் இல்லை. கண்ணாடி உள்ளே போகாது, சத்தம் போடாது. போதாக்குறைக்கு, எந்தப் பட்டனைப் பார்க்க வேண்டுமோ அதையே விரல் மறைத்துக்கொண்டு நிற்கும். ஆக, 'நீ தொட்டது எனக்குத் தெரியும்' என்று சொல்லும் முழுப் பொறுப்பும் திரையில் தெரியும் படத்தின் தலையில் வந்து விழுந்தது.

அதையும் வேகமாகச் சொல்ல வேண்டும். 1968-லேயே ஐபிஎம்மைச் சேர்ந்த ராபர்ட் மில்லர், மனிதனும் கணினியும் பேசிக்கொள்ளும்போது எவ்வளவு தாமதத்தைத் தாங்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். விசையை அழுத்தியதற்கான பதில் 0.1 வினாடிக்குள் வர வேண்டும் என்பது அதில் வரும் அளவுகளில் ஒன்று. அதற்குள் வந்தால் 'நான் செய்தேன், அது நடந்தது' என்று தோன்றும். தாண்டினால் 'நான் செய்தேன், மெஷின் யோசிக்குது' என்று தோன்ற ஆரம்பிக்கும்.

இப்போ 2007-ல் வந்த ஐபோனின் பிரவுசரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை தட்டினால் கிளிக், இருமுறை தட்டினால் பெரிதாக்கு என்று அதில் இரண்டு வேலைகள். முதல் தட்டு விழுந்ததும் இரண்டாவது தட்டு வருமா வராதா என்று பிரவுசர் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம்? சுமார் 300 மில்லிசெகண்ட். மில்லர் சொன்ன அளவைப் போல மூன்று மடங்கு. பின்னால் வந்த மற்ற மொபைல் பிரவுசர்களும் இதே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டன. மொபைலுக்கென்று அமைத்த பக்கங்களில் இந்தக் காத்திருப்பை ஆண்ட்ராய்டு குரோம் கைவிட்டதே 2014-ல்தான்.

அந்தக் காலத்து இணையப் பக்கங்களில் தொட்டதற்கு அடையாளமாக ஒரு சாம்பல் நிறக் கட்டம் பளிச்சென்று வந்து போகும், ஞாபகம் இருக்கா? அந்த நிறத்தைத் தீர்மானிக்கும் விதிக்கு `-webkit-tap-highlight-color` என்று பெயர். மொத்த லிங்க்கும் ஒரே நேரத்தில் நிறம் மாறும். நீங்க எங்கே தொட்டீர்கள் என்ற தகவலே அதில் இருக்காது.

முதலில் தண்ணீர் வந்தது

ரிப்பிளைக் கூகுள்தான் 2014-ல் கண்டுபிடித்தது என்று நிறைய பேர் நினைப்பார்கள். தொட்ட இடத்தில் அலை எழுப்புகிற ஆசை அதற்கு முன்பே இருந்தது.

2009-ல் பாம் நிறுவனம் பாம் ப்ரீ என்ற போனை வெளியிட்டது. அதில் ஓடியது வெப்ஓஎஸ். திரையில் எங்கே தட்டினாலும் அந்தப் புள்ளியில் ஒரு சின்ன நீர்வளையம் தோன்றி மறையும். வெப்ஓஎஸ் வடிவமைப்பை வழிநடத்தியவர்களில் முக்கியமானவர் மட்டியாஸ் டுவார்ட்டே. இந்தப் பெயரை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

2010 ஜனவரியில் நெக்சஸ் ஒன் வந்தது. அதன் லைவ் வால்பேப்பர்களில் ஒன்று, இலைகள் மிதக்கும் ஒரு குளம். தொட்டால் அலை எழும். 2012-ல் சாம்சங் கேலக்ஸி எஸ் 3 வந்தபோது லாக் ஸ்கிரீனே தண்ணீராகிவிட்டது. விரலை இழுத்தால் அலையும் பரவும், தண்ணீர் சத்தமும் கேட்கும். வீட்டில் யாராவது அந்த போனை வாங்கியிருந்தால், சும்மா எடுத்துத் தடவிக்கொண்டே இருந்திருப்பீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. முதல் விதியை இவை காப்பாற்றின, அதாவது தொட்ட புள்ளியிலிருந்து அலை கிளம்பியது. இரண்டாவது விதி இவற்றில் இல்லவே இல்லை. அலை திரையின் மேல் ஓடியதே தவிர, எந்தப் பட்டனுக்கும் அது சொந்தம் இல்லை. பாம் ப்ரீயில் வெற்றிடத்தைத் தட்டினாலும் வளையம் வரும், பட்டனைத் தட்டினாலும் அதே வளையம்தான் வரும். 'உன் விரல் இங்கே பட்டது' என்று மட்டும்தான் அது சொல்லும். 'இந்தப் பொருள் உன் விரலை வாங்கிக்கொண்டது' என்று சொல்லாது.

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் நம்ம கதை இருக்கிறது.

காகிதமும் மையும்

2014 ஜூன் 25. சான் பிரான்சிஸ்கோவில் கூகுள் ஐ/ஓ மாநாடு. மேடை ஏறி மெட்டீரியல் டிசைனை அறிமுகப்படுத்தியவர் அதே மட்டியாஸ் டுவார்ட்டே. 2010-ல் பாமை விட்டுக் கூகுளுக்கு வந்திருந்தார். கூகுளுக்குள் இந்தத் திட்டத்தைக் 'குவாண்டம் பேப்பர்' என்று அழைத்தார்கள்.

பெயரிலேயே யோசனை இருக்கிறது. திரையில் தெரியும் ஒவ்வொரு பட்டனும், கார்டும், பட்டியும் மெல்லிய காகிதத் துண்டு. அவற்றுக்குத் தடிமன் உண்டு, நிழல் உண்டு, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கலாம். எழுத்தும் நிறமும் படமும் அந்தக் காகிதத்தின் மேல் படிந்த மை.

இதை ஒத்துக்கொண்டால் ரிப்பிளின் இரண்டு விதிகளும் தானாகவே வந்துவிடும். ஒரு காகிதத்தில் மைத்துளி எங்கே விழுகிறதோ அங்கிருந்துதான் பரவும். ஆக, தொடக்கம் தொட்ட புள்ளி. மை பரவிப் பரவிக் காகிதத்தின் ஓரத்துக்கு வந்தால் நின்றுவிடும், ஏனென்றால் அதற்குப் பிறகு காகிதம் இல்லை. ஆக, முடிவு பட்டனின் வடிவம். இந்த உவமை கூகுளின் பெயர்களிலும் ஒட்டிக்கொண்டது. இணையத்துக்கான பாலிமர் நூலகத்தில் இதன் பெயர் `paper-ripple`. பிறகு வந்த ஃப்ளட்டரில் `InkWell`, அதாவது மைக்கூடு.

சரி, யோசனை அழகு. இதைப் போனுக்குள் எப்படிக் கொண்டுவந்தார்கள்?

பட்டனுக்கு 'எங்கே' தெரியாது

2014-க்கு முன் ஆண்ட்ராய்டில் பட்டனின் பின்னணியை வரைவது ஒரு டிராயபிள். அதற்குப் பட்டனின் நிலை மட்டும்தான் தெரியும்: அழுத்தப்பட்டிருக்கிறதா, இல்லையா, ஃபோகஸில் இருக்கிறதா. நிலைக்கு ஒரு படம் என்று முன்கூட்டியே வைத்திருப்பார்கள். அழுத்தினால் ஒரு படத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கும். 2011-ல் வந்த ஆண்ட்ராய்டு 4.0-வில் அழுத்தியதும் நீலமாக மாறுமே, அது இப்படித்தான் வந்தது.

கவனியுங்கள், 'அழுத்தப்பட்டது' என்ற செய்தி மட்டும்தான் டிராயபிளுக்குப் போகும். எந்த இடத்தில் அழுத்தப்பட்டது என்ற செய்தி போகாது. விரலின் இடம் பட்டனுக்குத் தெரியும், ஆனால் அதைப் பின்னணியை வரைபவரிடம் சொல்ல வழியே இல்லை.

2014 நவம்பரில் போன்களுக்கு வந்த ஆண்ட்ராய்டு 5.0, அதாவது லாலிபாப், இந்த வழியைத் திறந்தது. ஒவ்வொரு டிராயபிளுக்கும் `setHotspot(x, y)` என்று ஒரு புது வாசல் வைத்தார்கள். விரல் பட்ட இடத்தைப் பட்டன் இதன் வழியாகப் பின்னணிக்குச் சொல்லும். அதை வாங்கி அலையை வரைவதற்கு `RippleDrawable` என்று ஒரு புது வகுப்பும் வந்தது. ஒரு சின்ன வட்டத்துக்காக எல்லாப் பின்னணிகளின் அடித்தளத்திலும் இரண்டு எண்களுக்கு இடம் ஒதுக்கினார்கள். மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

இணையத்தில் இந்தச் சிக்கல் வேறு வேஷத்தில் வரும். அங்கே தொட்ட இடம் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் எதை அடிப்படையாக வைத்து அளந்தது என்பதில்தான் தடுக்கி விழுவார்கள். `offsetX` என்ற எண் விரல் நேராக எந்தப் பொருளின் மேல் பட்டதோ அதன் மூலையிலிருந்து அளக்கும். பட்டனுக்குள் ஒரு ஐகான் இருந்து, விரல் அந்த ஐகான் மேல் பட்டால், கிடைப்பது ஐகானுக்குள் உள்ள தூரம். அலை சம்பந்தமே இல்லாமல் பட்டனின் இடது மேல் மூலைக்குப் பக்கத்தில் கிளம்பும். எழுத்தைத் தொட்டால் ஒரு இடம், வெற்றுப் பகுதியைத் தொட்டால் இன்னொரு இடம் என்று அலை குதித்தால், நோய் இதுதான். மருந்து, திரையில் விரலின் இடத்தை எடுத்து, அதிலிருந்து பட்டனின் மூலை இருக்கும் இடத்தைக் கழிப்பது.

எவ்வளவு பெரிசு?

இப்போ ஒரு கணக்கு போடுவோம். பயப்படாதீங்க, எட்டாம் வகுப்பு பிதாகரஸ்தான்.

160 அகலம், 48 உயரம் உள்ள ஒரு பட்டன். இடது மேல் மூலையை 0, 0 என்று வைத்துக்கொள்வோம். விரல் பட்டது இடது பக்கமாக, அகலவாக்கில் 20, உயரவாக்கில் 30-ல். இங்கிருந்து கிளம்பும் வட்டம் முழுப் பட்டனையும் மூட எவ்வளவு ஆரம் வேண்டும்?

பட்டனின் மையத்திலிருந்து மூலைக்கு உள்ள தூரம் சுமார் 83.5. பலரும் இதை எடுத்து அப்படியே ஆரமாக வைத்துவிடுவார்கள். விரல் நட்ட நடுவில் பட்டால் இது சரி. ஆனால் நம்ம விரல் 20-ல் இருக்கிறது. அங்கிருந்து 83.5 போனால் வலது பக்கம் 103.5 வரைக்கும்தான் எட்டும். பட்டனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அலையே படாமல், வட்டம் பாதி வழியில் நின்று மறையும். ஓரத்தைத் தொட்டுப் பார்த்தால் இந்தக் குறை உடனே தெரிந்துவிடும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் வந்தன. முதலாவது, தொட்ட புள்ளியிலிருந்து மிகத் தொலைவில் உள்ள மூலையைக் கண்டுபிடித்து அது வரைக்கும் வட்டத்தை வளர்ப்பது. நம்ம உதாரணத்தில் அது வலது மேல் மூலை. அகலவாக்கில் 140, உயரவாக்கில் 30 தள்ளி இருக்கிறது. தூரம் சுமார் 143. இணையத்தில் பெரும்பாலும் இதையே செய்வார்கள். முழுக் கணக்கும் சில வரிகள்தான்:

```js
const r = btn.getBoundingClientRect();
const x = e.clientX - r.left;
const y = e.clientY - r.top;
const R = Math.hypot(
  Math.max(x, r.width - x),
  Math.max(y, r.height - y));
```

இரண்டாவது தீர்வு ஆண்ட்ராய்டுடையது. எனக்கு ரொம்பப் பிடித்ததும் இதுதான். ஆரத்தை 83.5-லேயே வைத்துக்கொள்வார்கள். ஆனால் வட்டம் வளர வளர, அதன் மையத்தை விரல் பட்ட இடத்திலிருந்து பட்டனின் நடுவுக்கு மெல்ல நகர்த்துவார்கள். கிளம்பும்போது விரலடியில், முடியும்போது நட்ட நடுவில். நடுவில் இருக்கும்போது 83.5 எல்லா மூலைகளையும் சரியாகத் தொட்டுவிடும். வட்டம் இடம் மாறுவது கண்ணுக்குத் தெரிகிறதா? தெரியாது. அது வேகமாக விரிந்துகொண்டிருப்பதால் நகர்வு அந்த விரிவுக்குள் கரைந்துவிடும்.

ஏன் இந்தச் சுற்றுவழி? முதல் முறையில் எங்கே தொட்டாலும் எடுக்கும் நேரம் ஒன்றுதான் என்றால், நடுவில் தொடும்போது அலை 83 தூரம் ஓடும், ஓரத்தில் தொடும்போது அதே நேரத்தில் 143 ஓட வேண்டும். ஒரே பட்டன் ஒரு தடவை நிதானமாகவும் இன்னொரு தடவை அவசரமாகவும் பதில் சொல்வது போல இருக்கும். இரண்டாவது முறையில் வட்டம் எப்போதும் ஒரே அளவுக்குத்தான் வளரும், ஆகவே வேகமும் ஒன்றாகவே தெரியும். கூகுள் பின்னால் இணையத்துக்கென்று எழுதிய மெட்டீரியல் காம்பொனன்ட்ஸ் நூலகத்திலும் மையத்தை நகர்த்தும் இந்த வழிதான். அதில் விரிய எடுக்கும் நேரம் 225 மில்லிசெகண்ட்.

அந்த நூலகத்தில் இன்னொரு நுணுக்கம். வட்டம் பூஜ்யத்திலிருந்து தொடங்காது. பட்டனின் நீண்ட பக்கத்தில் 0.6 பங்கு குறுக்களவோடுதான் பிறக்கும். நம்ம பட்டனுக்கு அது 96. யோசித்துப் பாருங்கள், அலை சின்னதாக இருக்கும்போது அது விரலுக்கு அடியில்தான் இருக்கும். யாரும் பார்க்க முடியாத வட்டத்தை வளர்த்து நேரத்தை வீணாக்குவானேன்?

ஓரத்தில் வெட்டுவது

இப்போ இரண்டாவது விதி. செவ்வகத்தில் வெட்டுவது சுலபம். சிக்கல் வளைந்த மூலையில்தான்.

ஆண்ட்ராய்டில் எந்த வடிவத்திலும் வெட்ட ஒரு பழைய வழி உண்டு, `clipPath`. ஆனால் அப்படி வெட்டினால் ஓரம் மழமழப்பாக வராது, ரம்பப் பல் மாதிரி படிப்படியாகத் தெரியும். அதனால் `RippleDrawable`-இல் முகமூடி முறையை வைத்தார்கள். ரிப்பிளோடு ஒரு கண்ணுக்குத் தெரியாத வடிவத்தையும் கொடுக்க வேண்டும். அந்த வடிவம் திரையில் வரையப்படாது. அது எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் அலை தெரியும். வடிவத்தின் ஓரம் பாதி ஒளி ஊடுருவினால் அலையும் அங்கே பாதியாகத் தெரியும், ஆகவே வளைவு வழவழப்பாக வரும்.

முகமூடி கொடுக்க மறந்தால்? பட்டனுக்கு வேறு பின்னணி அடுக்கு இருந்தால் அதன் வடிவத்தையே எல்லையாக எடுத்துக்கொள்ளும். அடுக்கும் இல்லை, முகமூடியும் இல்லை என்றால் அலைக்கு எல்லையே இல்லை. பட்டனைத் தாண்டி, அதைச் சுமக்கும் பெரிய பரப்பின் மேல் வரையப்படும். இது பிழை கிடையாது, வேண்டுமென்றே விட்ட கதவு. மேல் பட்டியில் இருக்கும் தேடல், மூன்று புள்ளி போன்ற ஐகான்களுக்குச் சொந்தமாகக் காகிதம் இல்லை. அவற்றைத் தொட்டால் அலை ஐகானைச் சுற்றி ஒரு முழு வட்டமாக விரியும், எதிலும் வெட்டுப்படாது. அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள்.

இணையத்தில் இந்த வேலைக்கு `overflow: hidden` போதும் என்று தோன்றும். பட்டனுக்கு வளைந்த மூலை கொடுத்து, வெளியே வழிவதை மறை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் சஃபாரி பிரவுசரில் நீண்ட காலம் ஒரு தொல்லை இருந்தது. அசையும் பொருளைத் தனி அடுக்காகப் பிரித்து கிராபிக்ஸ் சிப்பிடம் கொடுத்தவுடன், வளைந்த மூலையில் வெட்ட வேண்டும் என்ற விதி அந்த அடுக்குக்குப் போய்ச் சேராது. விளைவு, அலை ஓடும் அந்தக் கால் வினாடிக்கு மட்டும் பட்டனின் மூலைகள் கூராக முளைக்கும். அலை நின்றதும் மறுபடி வளைந்துவிடும். நிறுத்திய படத்தில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், அதனால்தான் இதைப் பிடிப்பது கஷ்டம். பட்டனுக்கு `isolation: isolate` என்ற ஒரு வரி சேர்த்து, அதையும் தனி அடுக்காக்கினால் சரியாகும் என்று பிறகு பலரும் கற்றுக்கொண்டார்கள்.

ஏன் பழைய போனுக்கு வரவில்லை?

லாலிபாப் வந்தபோது, பழைய ஆண்ட்ராய்டு போன்களுக்கும் புது மெட்டீரியல் தோற்றத்தைத் தர கூகுள் ஆப்காம்பாட் என்ற நூலகத்தைக் கொடுத்தது. நிறங்கள் வந்தன, மேல் பட்டி வந்தது. ரிப்பிள் மட்டும் வரவில்லை. கூகுள் சொன்ன காரணம், ரிப்பிள் வழுக்கலாக ஓடுவதற்குப் பெரும்பாலும் காரணம் லாலிபாப்பின் புது ரெண்டர் திரெட். அது பழைய போன்களில் இல்லை.

அது என்ன? ஒரு ஆப்பில் உங்க தொடுதலைக் கேட்பது, பட்டன் வேலையைச் செய்வது, அடுத்த திரையைத் தயாரிப்பது எல்லாம் முதன்மைத் திரெட் என்ற ஒரே ஆளின் வேலை. இப்போ பட்டனைத் தொட்டு விடுகிறீர்கள். சரியாக அலை ஓட வேண்டிய அதே நொடியில்தான் அந்த ஆள் புதுத் திரையைக் கட்டும் கனமான வேலையிலும் இறங்குகிறார். அலையையும் அவரே வரைய வேண்டும் என்றால், அது பாதியில் உறைந்து நிற்கும். உறைந்த அலை, அலை இல்லாததைவிட மோசம். 'தொங்கிடுச்சு போல' என்று நினைக்க வைக்கும். லாலிபாப்பில் படம் வரையும் வேலைக்கு இரண்டாவது ஆளை நியமித்தார்கள். முதன்மைத் திரெட் மூச்சு முட்டிக் கிடந்தாலும், தொடங்கிவிட்ட அலையை ரெண்டர் திரெட் தனியாக ஓட்டி முடிக்கும்.

நேரத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. உருட்டக்கூடிய பட்டியலில் விரல் பட்டதும், அது தட்டலா, உருட்டலின் தொடக்கமா என்று தெரியாது. உடனே அலை விட்டால், ஒவ்வொரு முறை உருட்டும்போதும் பட்டியல் முழுக்க அலை மின்னும். அதனால் ஆண்ட்ராய்டு 100 மில்லிசெகண்ட் காத்திருக்கும். அதற்குள் விரல் நகர்ந்தால் அலை கிடையாது. நகராமல் இருந்தால் அலை தொடங்கும். அதற்குள் விரலையே எடுத்துவிட்டால், சரி தட்டல்தான் என்று முடிவுசெய்து, விரல் போன பிறகு அலையைக் காட்டும். அதற்காகத்தான் தொட்ட இடத்தை முதலிலேயே குறித்து வைத்துக்கொள்கிறது. மில்லரின் 0.1 வினாடிக் கோட்டின் மேலேயே நின்று எடுத்த சமரசம் இது.

அலை எதைச் சொல்லவில்லை

இங்கே ஒரு முக்கியமான விஷயம். ரிப்பிள் சொல்வது ஒன்றே ஒன்று: இந்தப் பட்டன் உன் விரலை வாங்கிக்கொண்டது. பட்டன் செய்ய வேண்டிய வேலை நடந்ததா என்று அது சொல்லாது. 'பணம் அனுப்பு' என்ற பட்டனில் அலை அழகாக விரிந்து மறைந்துவிட்டது, நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது, திரையில் வேறு எதுவும் மாறவில்லை. பயனர் என்ன செய்வார்? மறுபடி தட்டுவார். மறுபடியும் அலை வரும், அதாவது பட்டன் இரண்டாவது தட்டையும் வாங்கிக்கொண்டது. ஆகவே முதல் தட்டிலேயே பட்டனைச் செயலிழக்கச் செய்து, சுழலும் வட்டமோ 'அனுப்பப்படுகிறது' என்ற எழுத்தோ காட்டுவது தனி வேலை. அலையை நம்பி அதை விட்டுவிட முடியாது.

விரலே இல்லாத இடத்திலும் அலை தடுமாறும். கீபோர்டில் என்டர் அடித்துப் பட்டனை இயக்கினால், இணையத்தில் பெரும்பாலும் தொட்ட இடம் 0, 0 என்று வரும். அது திரையின் மூலை. கணக்கை அப்படியே ஓட்டினால் அலை பட்டனுக்கு வெளியே எங்கோ பிறந்து உள்ளே புகும். தொடுபுள்ளியே இல்லாதபோது நடுவிலிருந்து கிளப்புவதுதான் நேர்மை. அதேபோல, அசைவுகளைக் குறைக்கச் சொல்லி அமைப்பில் கேட்டிருப்பவருக்கு அலை வேண்டாம், லேசான நிறமாற்றம் போதும்.

காகிதம்-மை உவமை இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு ஃப்ளட்டர் ஒரு சாட்சி. அதில் `InkWell`-க்குள் நிறமடித்த ஒரு பெட்டியை வைத்தால் அலை தெரியவே தெரியாது. பட்டன் வேலை செய்யும், அலை மட்டும் காணோம். காரணம், மை அடியில் இருக்கும் காகிதத்தின் மேல்தான் படியும். நீங்க அதன் மேல் வண்ணப் பெட்டியை வைத்து மூடிவிட்டீர்கள். நிறத்தைப் பெட்டிக்குக் கொடுக்காமல் காகிதத்துக்கே கொடுத்தால் அலை திரும்ப வந்துவிடும்.

2021-ல் ஆண்ட்ராய்டு 12 வந்தபோது அலை உருமாறியது. சீரான மைக்கறை போய், பொடிப் பொடியாக மினுங்கும் துகள்களோடு விரிய ஆரம்பித்தது. தோற்றம்தான் மாறியது. தொட்ட புள்ளியில் பிறப்பது, வடிவத்தின் ஓரத்தில் நிற்பது என்ற இரண்டு விதிகளும் அப்படியே இருக்கின்றன.

இதையெல்லாம் நீங்களே பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போனில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் போய் `Show taps` என்பதை ஆன் செய்யுங்கள். விரல் படும் இடத்தில் ஒரு சின்னப் புள்ளி தெரியும். ஸ்கிரீன் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு, ஒரு நீளமான பட்டனின் ஓரத்தை அழுத்தி விடுங்கள். பிறகு வீடியோவை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். வட்டம் அந்தப் புள்ளியிலிருந்து கிளம்புகிறதா, அதன் மையம் நடுவை நோக்கி நகர்கிறதா, மூலையில் வளைவாக வெட்டுப்படுகிறதா என்று பாருங்கள். உங்க போனில் இருக்கும் ஆப்களில் எது இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறது, எது பாதி வழியில் நிற்கிறது என்று கண்டுபிடித்து எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.